ரத்தத்தில் ஈயம் 26: அடுத்து என்ன செய்வோம்?

குழந்தைக்கு இரண்டு வயது. ஓடுகிறாள், சிரிக்கிறாள், பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. கொஞ்சம் மலச்சிக்கல் உண்டு, சாப்பாட்டில் விருப்பம் குறைவு. அவளுடைய அப்பா பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். பட்டறையும் வீடும் ஒரே தெருவில். வீட்டு ஜன்னல் கட்டையில் பல அடுக்குப் பழைய பெயின்ட் உரிந்து கிடக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஈயம் 31 என்று வந்தது. என்னிடம் வந்த பல குழந்தைகளின் கதையைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி இந்த ஒரு குழந்தையாக எழுதுகிறேன்.

இந்த எண், ஒரு டெசிலிட்டர் அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 'இதுவரைக்கும் பரவாயில்லை' என்று சொல்லத்தக்க அளவு குழந்தைகளுக்கு எதுவும் கிடையாது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டில் தன் எல்லையை 5-லிருந்து 3.5 ஆகக் குறைத்தது. இன்னமும் 10 வரை இயல்பு என்று அச்சடித்த அறிக்கையைப் பார்த்தால், அந்த வரியை நம்பி விட்டுவிடாதீர்கள்.

31 என்ற எண்ணை வைத்து நான் உடனே மருந்து எழுதுவதில்லை. விரல் நுனித் தோலில் ஒட்டியிருக்கும் ஈயத் தூசி ஒரு துளி ரத்தத்தில் கலந்தாலே எண் பொய்யாக ஏறிவிடும். பட்டறைக்குப் பக்கத்தில் மண்ணில் விளையாடும் குழந்தை என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். அதனால் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்கிறோம். எவ்வளவு சீக்கிரம் என்பதை முதல் எண்தான் முடிவு செய்கிறது. 10-க்குக் கீழே என்றால் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் போதும். 10 முதல் 19 வரை ஒரு மாதத்துக்குள், 20 முதல் 44 வரை இரண்டு வாரத்துக்குள். 45-ஐத் தாண்டினால் 48 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இவளுக்கு நரம்பு ரத்தத்தில் 26 வந்தது. ஆக, குறைந்தாலும் உண்மையிலேயே அதிகம்தான்.

கூடவே ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பும் பார்த்தோம், இரண்டும் குறைவு. இதைச் சில்லறை விஷயமாக நினைக்கக் கூடாது. உடலில் இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு வரை அதிகமாக உடலில் சேரலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரும்பு மருந்து தொடங்கினோம். உரிந்த பெயின்ட்டைத் தின்றிருப்பாளோ என்று வயிற்று எக்ஸ்ரேயும் எடுத்தோம். பெயின்ட் துணுக்குகள் வயிற்றில் இருந்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், குடலைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இவளுக்கு எதுவும் தெரியவில்லை.

அப்புறம்தான் முக்கியமான வேலை, வீட்டைப் பற்றி விசாரிப்பது. ஜன்னல் ஒரு காரணம். மரத்தில் மரம் உரசும்போதெல்லாம் மெல்லிய தூசி கட்டையில் விழுகிறது. குழந்தை அங்கே கை வைத்து நிற்கிறாள், அந்தக் கையை வாயில் வைக்கிறாள். பெற்றோருக்கு முதலில் தோன்றுவது அதைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பது. தயவுசெய்து உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டியும் உரிக்காதீர்கள். வீடு முழுக்க ஈயத் தூசி பறந்து, அடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருக்கும். தெரிந்த ஆளை வைத்து நனைத்துச் சுரண்ட வேண்டும், சுத்தம் செய்து முடிக்கும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதுவரை ஜன்னலைத் திறக்காமல் மூடி ஒட்டிவைத்து, ஈரத் துணியால் துடைக்கச் சொன்னோம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பி மறுபடி தரையில்தான் படியும்.

அப்பா சொன்னார்: "நான் கை கழுவிட்டுத்தான் டாக்டர் பிள்ளையத் தூக்குறேன்." அவர் சொன்னது உண்மைதான். வேலை உடையை மாற்றிவிட்டு வரவும், பட்டறையிலேயே குளிக்கவும், செருப்பை வெளியே விடவும் சொன்னோம். எல்லாவற்றையும் செய்தார். ஒரு மாதம் கழித்து எண் 27. குறையவே இல்லை.

எண் நகராமல் நின்றால் ஈயம் இன்னும் எங்கிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி முதலிலிருந்து கேட்டோம். அவருடைய சாப்பாட்டுப் பை பகலெல்லாம் உடைக்கும் மேடைக்குப் பக்கத்தில் தொங்கும், மாலையில் வீட்டுக்கு வந்து குழந்தையின் பாய் மேல் இருக்கும். அதை யாரும் துவைத்ததில்லை. வேலை உடையோ குழந்தையின் துணிகளோடு ஒரே வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பையும் உடையும் வீட்டுக்குள் வருவது நின்ற பிறகு, அடுத்த மாதம் 22. அதற்கு இரண்டு மாதம் கழித்து 16.

ஏன் இவ்வளவு மெதுவாக? ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆனால் உடலில் சேர்ந்த ஈயத்தில் பெரும்பகுதி எலும்புக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து பல மாதங்கள், பல வருடங்கள் மெல்லக் கசிந்து ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். நீண்ட நாள் ஈயம் சேர்ந்த குழந்தைக்கு எண் பாதியாக நான்கைந்து மாதம் ஆவது எனக்கு வியப்பில்லை.

"ஈயத்தை வெளியே எடுக்க மருந்து இருக்காமே, அதைக் கொடுக்கலாமே?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. சக்சிமர் என்ற மருந்தை வாய் வழியாக 19 நாள் கொடுப்போம். ஆனால் அது 45 அல்லது அதற்கு மேல் உள்ள குழந்தைக்கு. 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-ல் வெளிவந்தது. எண் சில மாதம் குறைந்தது, ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் மற்றவர்களைவிடக் கூடவில்லை. மருந்தை நிறுத்தியதும் எலும்பிலிருந்து ஈயம் திரும்பி வந்து எண்ணும் ஏறும். 45-க்கு மேல் மருந்து கொடுக்கும்போதுகூட, ஈயம் இல்லாத இடத்தில் குழந்தையை வைத்துக் கொடுப்பதே முறை. இதே பட்டறைத் தெருவுக்கு அவளைத் திருப்பி அனுப்பி மருந்து கொடுத்தால் மாதங்களும் மருந்தும் வீண்.

16-க்கு வந்தவளை விட்டுவிடவில்லை. எண் 3.5-க்குக் கீழே வந்த பிறகும் பேச்சு, கவனம், படிப்பு ஆகியவற்றைப் பள்ளி வயது வரை பார்ப்போம். ஈயத்தின் பாதிப்பு பெரும்பாலும் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய வயதில்தான் தெரிய வருகிறது. அண்ணனுக்கும், கர்ப்பமாக இருந்த அம்மாவுக்கும் பரிசோதனை செய்தோம். அம்மாவின் எலும்பில் இருக்கும் ஈயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு வந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேட்டரி உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வளரும் குழந்தை விடாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மூளையில் வீக்கம் இருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, பக்கத்தில் பேட்டரி உடைக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.