க-வுக்கு எதிரே நான்கு எழுத்து எழுதாதீர்கள்

ஜூலை பிறந்தால் தக்கலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அங்கே பள்ளி விடுமுறை அப்போதுதான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் இந்தி படிப்பார்கள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. இந்தி எழுத்து தெரிந்த பிள்ளைக்கு அதை வைத்தே தமிழைச் சொல்லித் தரலாம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டேன். முதல் அட்டவணை முழுத் தோல்வி.

அதில் க-வுக்கு எதிரே क ख ग घ என்று நான்கையும் வரிசையாக எழுதியிருந்தேன். மஸ்கட்டிலிருந்து வந்த நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், க வரும் இடமெல்லாம் நின்று, "டீச்சர், இது நாலுல எது?" என்று கேட்டான். தங்கம் 'தங்க்கம்' ஆனது, பகல் 'பக்கல்' ஆனது. தப்பு அவனுடையது இல்லை. இந்தியில் ஒலிக்கு ஓர் எழுத்து. தமிழில் ஒரே எழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். என் அட்டவணையில் எழுத்து இருந்தது, இடம் இல்லை.

இரண்டாவது முறை ख, घ இரண்டையும் தூக்கிவிட்டேன். தமிழ்ச் சொற்களைப் படிக்க அவை வேண்டியதே இல்லை. மீதி இரண்டையும், அதாவது அழுத்திச் சொல்லும் क, மென்மையாகச் சொல்லும் ग, இடத்தோடு சேர்த்து எழுதினேன். சொற்களுக்கு வேறெங்கும் போகவில்லை, அவன் தினமும் பார்க்கும் பஸ் போர்டுதான்:

சொல்லின் தொடக்கத்தில் – क – குளச்சல்
க்க என்று இரட்டித்தால் – क – தக்கலை
ங் என்பதற்குப் பின் – ग – கருங்கல்
இரண்டு உயிரொலிக்கு நடுவில் – ग, கொஞ்சம் தளர்த்தி – முளகுமூடு

கருங்கல் என்ற ஒரே பெயரில் முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது க வேறு மாதிரி. அவன் அதைத் தானே கண்டுபிடித்தபோது அட்டவணை பாதி வேலையை முடித்துவிட்டது. ட, த, ப மூன்றும் ஏறக்குறைய இதே வழியில் போகும்: மார்த்தாண்டத்தில் த்தா त, ண்ட ड. ச மட்டும் தனி ரகம். அவன் அம்மா சோற்றை ஸ ஒலியில் சொல்வாள், பாட்டி "ச்சோறு தின்னு மக்களே" என்பாள். அங்கே स, च இரண்டையும் எழுதி, இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டேன்.

விதி மீறும் சொற்களும் உண்டு. நாகர்கோவிலில் முதல் க விதிப்படி ग. கோவில் தனிச்சொல் என்பதால் அங்கே क. கன்னியாகுமரியிலும் கு-வுக்கு அப்படித்தான். காந்தி போன்ற பெயர்களைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

அடுத்த சிக்கல் நான் எதிர்பாராதது. 'பல' என்று எழுதிக் கொடுத்தால் 'பல்' என்று படித்தான். இந்தியில் पल என்று எழுதிப் 'பல்' என்றுதான் படிப்பார்கள். கடைசி அகரம் பேச்சில் விழுந்துவிடும். தமிழில் புள்ளி இல்லாவிட்டால் அகரம் விழாது. அவனுக்குத் தெரிந்த हलन्त குறியைக் காட்டி, "நம்ம புள்ளி இதுதான், இங்கே அதை விடாமல் போடுவோம்" என்றேன். ஒரு வாரம் புள்ளிகளை மட்டும் சிவப்பு மையில் வைத்தோம். பிள்ளை 'சில'வைச் 'சில்' என்று படித்தால் இந்தப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

சில கட்டங்களை நான் காலியாகவே விட்டேன். குறில் எ, ஒ, அப்புறம் ழ, ற. இந்தி எழுதும் தேவநாகரியில் இவற்றுக்கு ऎ, ऒ, ऴ, ऱ என்று எழுத்துகள் உண்டு, கணினியில் கிடைக்கும். ஆனால் இந்தி வகுப்பில் பிள்ளை இவற்றைப் பார்த்ததே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்கி என்ன பயன்? ஒ-வுக்கு எதிரே ओ எழுதினாலோ கொடு, கோடு இரண்டும் ஒன்றாகிவிடும். காலிக் கட்டத்தில் ஒரு காது வரைந்து, கொல்லங்கோடு, குழித்துறை என்று வாயால் சொல்லி மட்டும் பழக்கினேன். ள-வுக்கு எதிரிலும் காதுதான். மும்பைப் பிள்ளை என்றால் மராத்தியின் ळ அவனுக்குத் தெரியும், எழுதிவிடலாம். ற்ற-வுக்குத் தனி வரிசை வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றூரில் இரண்டு ர போட்டு உருட்டுவான்.

எளிதாக முடிந்தது கொம்பு. कि எழுதும்போது குறி இடப்பக்கம் வருவது அவனுக்குப் பழக்கம். கெ, கே, கை மூன்றையும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் அட்டவணையை நெடுக்காக மடித்து, தேவநாகரிப் பக்கத்தைப் பின்னால் தள்ளினேன். தடுமாறினால் மட்டும் திருப்பிப் பார்க்கலாம். முதல் நாள் பதினோரு தடவை திருப்பினான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு தடவை, இரண்டும் ச-வுக்கு.