மாதம் ஐயாயிரம் போட்டால் அடக்க விலை எப்படி இறங்குகிறது, எப்போது இறங்காது?

கம்பம், குமுளி பக்கம் ஏலக்காய் வாங்கி விற்பவர்களிடம் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையைப் போடும் எஸ்ஐபி பற்றிப் பேசுவது எனக்குச் சுலபம். எந்தச் சரக்கைப் பற்றிச் சொன்னாலும் "அடக்கம் எவ்வளவு விழுந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். விலை ஏறும், இறங்கும் என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பங்குச் சந்தை சரிந்த வாரத்தில் "சார், எஸ்ஐபியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்று எனக்கு வரும் போன்களில் பாதி இவர்களுடையவைதான்.

ஏலக்காயை வைத்தே கணக்கைப் பார்ப்போம். போன மாதம் கிலோ 2,000 ரூபாய், இந்த மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கிலோ வாங்கினால், இரண்டு கிலோவுக்கு 3,000 ரூபாய் செலவு, அடக்கம் 1,500. மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்கினால், முதல் மாதம் ஒரு கிலோ, இரண்டாவது மாதம் இரண்டு கிலோ. நாலாயிரத்துக்கு மூன்று கிலோ. அடக்கம் 1,333 ரூபாய்தான். இரண்டு மாதமும் சந்தை விலை இருவருக்கும் ஒன்றுதான், பேரம் எதுவும் பேசவில்லை. பணத்தை மாறாமல் வைத்ததால் விலை குறைந்த மாதத்தில் எடை தானாகக் கூடியது. எஸ்ஐபியில் நடப்பதும் இதுவேதான். கிலோவுக்குப் பதில் ஃபண்டின் யூனிட், ஏல விலைக்குப் பதில் ஒரு யூனிட்டின் அன்றைய விலையான என்ஏவி.

இப்போது ஃபண்ட் கணக்குக்கு வருவோம். கீழே இருப்பவை புரிவதற்காக நான் போட்ட எண்கள். மாதம் 5,000 ரூபாய், ஆறு மாதம்.

| மாதம் | என்ஏவி (ரூ.) | கிடைத்த யூனிட் |
|---|---|---|
| 1 | 50 | 100 |
| 2 | 40 | 125 |
| 3 | 32 | 156.25 |
| 4 | 25 | 200 |
| 5 | 40 | 125 |
| 6 | 50 | 100 |

ஆறு மாத என்ஏவியின் சராசரி 39.50 ரூபாய். போட்ட பணம் 30,000, கையில் இருக்கும் யூனிட் 806.25. வகுத்தால் அடக்கம் 37.21. விலை புறப்பட்ட இடத்துக்கே, ஐம்பதுக்கே, திரும்பியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அப்படியும் இன்றைய மதிப்பு 40,312 ரூபாய். முதல் மாதமே முப்பதாயிரத்தையும் மொத்தமாகப் போட்டவருக்கு 600 யூனிட், மதிப்பு அதே முப்பதாயிரம்.

இதில் 10,312 ரூபாய் லாபம் எந்த மாதத்தில் வந்தது என்று பாருங்கள். மூன்றாவது, நான்காவது மாதங்களில் பயந்துபோய் நிறுத்திவிட்டு, விலை நாற்பதுக்கு வந்தபின் மறுபடி தொடங்கியவரை எடுத்துக்கொள்வோம். அவர் போட்டது 20,000, கிடைத்தது 450 யூனிட், அடக்கம் 44.44. கடைசியில் மதிப்பு 22,500. லாபம் இரண்டாயிரத்து ஐந்நூறு. அவர் விட்ட இரண்டு தவணையும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய்தான். மொத்த லாபத்தில் முக்கால் பங்கு அந்தப் பத்தாயிரத்தில் இருந்தது. இறங்கிய மாதத்தில் நிறுத்தினால் எஸ்ஐபி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். ஏறியபோது வாங்கினோம், இறங்கியபோது வாங்கவில்லை என்பதுதான் மீதிக் கணக்கு. பலர் "நிறுத்தினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லையே, பணம் கையில்தானே இருக்கிறது" என்பார்கள். பணம் இருக்கிறது, அடக்கம் ஏறிவிட்டது.

2020 மார்ச்சில் எங்கள் பக்கம் இதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. ஊரடங்கில் ஏலம் நின்றது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியவில்லை. ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் வீட்டு வாசலில் நின்றன. அதே மாதத்தில் சந்தையும் சரிந்தது: ஜனவரி நடுவில் 12,362 வரை போன நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. வருமானம் இல்லாமல் நிறுத்தியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசி வாங்கக் காசு இல்லாதவரிடம் யூனிட் கணக்கு பேசக் கூடாது. மாதச் சம்பளம் வந்துகொண்டே இருந்தவர்களும் "நிலைமை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நிறுத்தியதைத்தான் சொல்கிறேன். நிலைமை சரியாவதற்கு வெகு முன்பே விலை சரியாகிவிட்டது. நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியபோது நோய் இன்னும் போயிருக்கவில்லை. திரும்பத் தொடங்கியவர்கள் வாங்கியது மறுபடி பன்னிரண்டாயிரத்துக்கு மேல்.

சரி, இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டால், வாங்கிய மாதங்களின் சராசரி விலையைவிட அடக்கம் குறைவாகத்தான் இருக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும், சற்றாவது அசைந்தால் போதும், இது கணக்கு விதி. ஆனால் அடக்கம் குறைவு என்பதும் லாபம் என்பதும் வேறு வேறு. விலை 50, 45, 40, 36, 32, 30 என்று இறங்கிக்கொண்டே போனால் சராசரி விலை 38.83, அடக்கம் 37.60. அடக்கம் குறைவுதான். இன்றைய விலையோ முப்பது. முப்பதாயிரம் போட்டவர் கையில் இருப்பது ஏறக்குறைய 23,900. மாதாமாதம் பிரித்துப் போட்டது நஷ்டத்தைக் குறைத்திருக்கிறது, தடுக்கவில்லை.

அதனால்தான் ஒற்றைக் கம்பெனிப் பங்கில் "இறங்க இறங்க வாங்குறேன் தம்பி, ஆவரேஜ் ஆகிடும்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். நிஃப்டி போல ஐம்பது கம்பெனி உள்ள குறியீடு விழுந்தாலும், நொடித்தவை வெளியேறி வளர்பவை உள்ளே வரும். மீண்டு வருவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. தனிக் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் விமானம் ஓட்டுவதை நிறுத்தியது. 2024 நவம்பரில் அதைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடுவில் மாதாமாதம் வாங்கியிருந்தால் அடக்கம் அழகாக இறங்கியிருக்கும்.

விலை ஏறிக்கொண்டே இருக்கும் காலத்திலும் எஸ்ஐபி பின்தங்கும். 50-இல் தொடங்கி 75 வரை ஆறு மாதமும் ஏறினால், முதலிலேயே மொத்தமாகப் போட்டவர் 45,000 வைத்திருப்பார். மாதாமாதம் போட்டவரிடம் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் இருக்கும். ஆனால் மொத்தமாக முப்பதாயிரம் கையில் இருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கே இடம். சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் மிஞ்சுகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

இன்னொரு விஷயம், பத்து வருடம் கட்டியவர்கள் கவனிக்க வேண்டியது. மாதம் 5,000 வீதம் 120 தவணை, ஆறு லட்சம் போட்டிருக்கிறீர்கள். கையில் 20,000 யூனிட், அடக்கம் 30 ரூபாய், இன்றைய என்ஏவி 50, மதிப்பு பத்து லட்சம். சந்தை இருபது சதவீதம் விழுந்து என்ஏவி 40 ஆகிறது. மதிப்பில் இரண்டு லட்சம் போய்விட்டது. இந்த மாத 5,000 ரூபாய்க்கு 125 யூனிட் கிடைக்கும். உங்கள் அடக்கம் 30-லிருந்து 30.06 ஆகும். விலை இறங்கிய மாதத்திலும் அடக்கம் ஏறியிருக்கிறது! நாற்பது என்பது போன மாதத்துக்குச் சல்லிசு, ஆனால் உங்கள் பழைய யூனிட்டுகளோடு ஒப்பிட்டால் இன்னும் விலை கூடுதல். முதல் இரண்டு மூன்று வருடங்களில் சராசரி பெரிய வேலை செய்யும். பணம் சேரச் சேர, புதுத் தவணை பழைய குவியலை அசைக்காது. மகள் கல்யாணம் அடுத்த வருடம் என்றால் "எஸ்ஐபி ஓடுகிறதே, விழுந்தாலும் ஆவரேஜ் ஆகும்" என்று பங்கு ஃபண்டிலேயே முழுப் பணத்தையும் விட்டு வைப்பது சரியில்லை. தேவைக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே தேவையான தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி டெபாசிட்டுக்கோ கடன் பத்திர ஃபண்டுக்கோ மாற்றத் தொடங்கச் சொல்கிறேன்.

உங்கள் அடக்கத்தைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டாம். ஸ்டேட்மென்ட்டில் இதுவரை போட்ட தொகையையும் மொத்த யூனிட்டையும் எடுத்து வகுத்தால் போதும் (நடுவில் விற்காதவர்களுக்கு). அதே காகிதத்தில் தவணை வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால், அந்த மாதம் என்ஏவி என்ன என்று பாருங்கள்.

தவணை விட்டுப்போவதில் ஏலத்தோட்டக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஆடியை ஒட்டிக் காயெடுப்பு தொடங்கி தை மாசி வரை சுற்றுச் சுற்றாகப் பணம் வரும். அப்புறம் கோடையில் செலவு மட்டும்தான். காயெடுப்புக் காலத்து வருமானத்தை நம்பி மாதம் பத்தாயிரத்துக்கு எஸ்ஐபி போட்டால், சித்திரை வைகாசியில் கணக்கில் பணம் இருக்காது. வங்கி ஒவ்வொரு முறையும் அபராதம் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். சந்தை ஏறினதா இறங்கினதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காய் இல்லாத மாதம் சல்லிசான மாதமாகவும் அமையலாம்.

இவர்களுக்கு நான் சொல்வது எஸ்டிபி. தை மாதம் கடைசிச் சுற்றுப் பணம் வந்ததும் அறுபதாயிரத்தை, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தை வைக்கும் லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு, அதிலிருந்து மாதம் 5,000 வீதம் அதே நிறுவனத்தின் குறியீட்டு ஃபண்டுக்குப் பன்னிரண்டு மாதம் மாறும்படி ஒரே தடவை எழுதிக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி கிடையாது. லிக்விட் ஃபண்டிலிருந்து ஒவ்வொரு மாதமும் வெளியேறுவது விற்பனையாகத்தான் கணக்கில் வரும், அதில் கிடைத்த சிறு லாபத்துக்கு வருமான வரி வரம்புப்படி வரி உண்டு. பங்கு ஃபண்ட் பக்கம் ஒவ்வொரு தவணைக்கும் தனி வாங்கிய தேதி. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் உள்ள ஃபண்ட் என்றால், கடைசித் தவணைக்கு அந்த ஒரு வருடம் அடுத்த மார்கழியில்தான் தொடங்கும்.