தொண்டையில் கோளாறு, காதில் வலி

கோழி இறகாலோ பட்ஸாலோ காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். காதைத் தொட்டால் தொண்டை ஏன் இரும வேண்டும்? காதுத் துவாரத்தின் பின்சுவரிலும் அடிச்சுவரிலும் வேகஸ் நரம்பின் சின்னக் கிளை ஒன்று வந்து முடிகிறது. குரல்வளையில் எதாவது சிக்கினால் மூளைக்குச் செய்தி கொண்டுபோவதும் அதே வேகஸ்தான். காதில் பட்ட உரசலைத் தொண்டையில் ஏற்பட்ட உரசலாக எடுத்துக்கொண்டு மூளை இருமச் சொல்லிவிடுகிறது.

இந்தக் குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும். தொண்டையின் ஆழத்தில் புண் இருக்கும், வலி காதில் தெரியும். மாரடைப்பில் இடது கை வலிப்பதைப் போன்றதுதான் இதுவும். டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் உணர்ச்சி தருவது நாத்தொண்டை நரம்பு. அதன் கிளை ஒன்று நடுக்காதுக்குப் போகிறது. அதற்கும் கீழே, குரல்வளையைச் சுற்றியுள்ள பகுதிக்கு உணர்ச்சி தருவது வேகஸ். அதன் கிளைதான் நாம் குடைகிற காதுத் துவாரத்தில் இருப்பது. காதிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வரும் இழைகள் மூளைத்தண்டில் அக்கம்பக்கமாக வந்து சேர்வதால், வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளையால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வலப்பக்க நரம்பு வலக் காதுக்கும் இடப்பக்க நரம்பு இடக் காதுக்கும்தான் போகும். எனவே புண் எந்தப் பக்கமோ, காது வலியும் அந்தப் பக்கமே.

சாதாரண வைரஸ் தொண்டை வலி இப்படி இருக்காது. அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும், சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று கூட்டமாக வரும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் ஒரே பக்கம் வலிக்கிறது, கேட்டால் ஒற்றை விரலால் இடத்தைக் காட்ட முடிகிறது, எச்சில் விழுங்கும்போது அந்தப் பக்கக் காதுக்குள் சுரீரென்கிறது என்றால் கணக்கு வேறு. அதுவும் வயது நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டி, பீடி சிகரெட்டோ வாயில் அடக்கும் புகையிலையோ மதுவோ பழக்கமாக இருந்தால், தொண்டைப் புற்றுநோய் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யும்வரை அந்த வலியைச் சும்மா விடக் கூடாது. எந்தப் பழக்கமும் இல்லாதவருக்கும் இது பொருந்தும். டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றுநோயில் ஒரு பகுதி எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதற்குப் புகையிலை தேவையில்லை.

காதே நேரடியாகக் கெட்டிருக்கிறதா, வேறிடத்து வலி அங்கே வந்து தெரிகிறதா என்பதை ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். காது மடலை இழுத்தால் வலிக்கவில்லை, துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினால் வலிக்கவில்லை, சீழ் இல்லை, காது அடைக்கவில்லை, கேட்பதும் வழக்கம்போல இருக்கிறது, ஆனால் விழுங்கும்போது மட்டும் வலி குத்துகிறது என்றால் குற்றவாளி காது இல்லை. மருத்துவர் உள்ளே பார்த்து, செவிப்பறை பளபளவென்று நன்றாக இருக்கிறது என்றால் அது நல்ல செய்தி மாதிரி தோன்றும். இந்த நிலையில் அதுதான் அடுத்த கேள்வியைக் கிளப்ப வேண்டிய செய்தி: காது நன்றாக இருக்கிறதென்றால் வலி எங்கிருந்து வருகிறது? (அந்தப் பக்கக் காது அடைத்துக் கேட்பது குறைந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். மூக்கின் பின்பக்கத்தில் வளரும் கட்டி காதுக்குப் போகும் குழாயை அடைத்து அப்படிச் செய்யும். அதையும் மூக்கு வழியாக விடும் ஸ்கோப்பில்தான் பார்க்க முடியும்.)

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் ஈ.என்.டி. புறநோயாளிப் பிரிவில் உட்காருகிற யாருக்கும் பழகிய கதை. வயது 61, விவசாயி, முப்பது வருஷமாகப் பீடி. தொண்டையின் வலப்பக்கம் மீன் முள் குத்திய மாதிரி இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்க்கிறார். இரண்டாவது வாரம் பக்கத்துக் கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, லேசாகச் சிவந்திருக்கிறது என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுக்கிறார்கள். வலி குறைகிறது. பத்து நாளில் திரும்ப வருகிறது, இந்த முறை காதோடு. காதுக்குச் சொட்டு மருந்து. ஆறாவது வாரம் வலப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை என்று பிடுங்கப்படுகிறது. எட்டாவது வாரம் முகச்சவரம் செய்யும்போது தாடைக் கோணத்துக்குக் கீழே நெறி கட்டியிருப்பது கையில் தட்டுப்படுகிறது. அமுக்கினால் வலிக்கவில்லை.

இதில் யாரும் பெரிய தவறு செய்யவில்லை என்பதுதான் விஷயமே. ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தெரிந்ததற்கு வைத்தியம் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக்கில் வலி குறைந்ததுதான் எல்லாரையும் ஏமாற்றியது. புற்றுப்புண்ணின் மேல்பரப்பிலும் கிருமித்தொற்று ஏறும். அதை மருந்து அடக்கும்போது வலியும் வீக்கமும் குறையும். கூடவே கொடுத்த வலி மாத்திரையும் தன் வேலையைச் செய்யும். அடியில் இருக்கும் கட்டி மட்டும் அப்படியே இருக்கும். அதனால் மருந்தில் குறைந்து திரும்ப வந்த ஒருபக்க வலியை, குறையவே குறையாத வலிக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வலி திரும்ப வந்து, காதுக்குச் சொட்டு மருந்து எழுதப்பட்ட இடத்தில்தான் ஈ.என்.டி. மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

டார்ச்சில் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. வாயைத் திறந்து நாக்கை அழுத்தினால் உள்நாக்கு, இரண்டு டான்சில், அவற்றுக்கு நடுவே பின்சுவரின் ஒரு பகுதி, இவ்வளவுதான் தெரியும். நாக்கின் வேர்ப்பகுதி வளைந்து கீழே போய்விடுகிறது. அதற்கும் கீழே குரல்வளையின் இரு பக்கமும் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு குழிகள் உண்டு. நாம் விழுங்கும் உணவு, பாறையில் மோதி இரண்டாகப் பிரியும் ஆற்று நீர் மாதிரி குரல்வளையின் இரு பக்கமும் பிரிந்து இந்தக் குழிகள் வழியாகத்தான் உணவுக்குழாய்க்கு இறங்குகிறது. ஒரு குழியில் கட்டி வளர்ந்தாலும் மறு குழி வழியாகச் சோறு இறங்கிவிடும். குரலும் ஆரம்பத்தில் மாறாது. ஆனால் வேகஸின் கிளை அந்தக் குழியின் சவ்வுக்கு நேர் கீழே ஓடுவதால் காது வலி மட்டும் முன்னதாகவே வந்துவிடலாம். விழுங்குவதில் சிக்கலும் குரல் கம்மலும் வரும்வரை காத்திருப்பவர், நோயின் ஆரம்பக் கட்டத்தைத் தவறவிட்டுவிடுவார்.

ஈ.என்.டி. மருத்துவர் செய்வது ஐந்து பத்து நிமிட வேலை. மூக்கில் அடைப்பைக் குறைக்கும் மருந்தும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னும் போட்டுச் சில நிமிடம் விடுவார். பிறகு மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளையக்கூடிய ஸ்கோப்பை மூக்கு வழியாக உள்ளே விடுவார். மயக்க மருந்து தேவையில்லை, உட்கார்ந்தபடியே பார்க்கலாம். "நாக்கை வெளியே நீட்டுங்க" என்பது நாக்கு வேரைப் பார்க்க. "ஈ சொல்லுங்க" என்பது குரல்நாண்கள் இரண்டும் சமமாக அசைகின்றனவா என்று பார்க்க. மூக்கைப் பிடித்து, வாயை மூடிக் கன்னத்தை உப்பச் சொல்வது ஒட்டிக்கிடக்கும் பேரிக்காய்க் குழிகள் விரிவதற்காக. இந்தக் கடைசியைச் செய்யாவிட்டால் சின்னப் புண் மடிப்புக்குள் மறைந்துபோகும். முடிந்தபின் தொண்டை மரத்திருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, புரையேறும்.

ஸ்கோப் பார்த்தது போதும் என்று எழுந்துவிடக் கூடாத இன்னொரு வேலை உண்டு, விரல். கையுறை போட்ட விரலால் டான்சிலையும் நாக்கு வேரையும் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கட்டி சவ்வுக்கு அடியில் வளரும்போது மேலே எல்லாம் வழவழப்பாகத் தெரியும், விரலுக்கு மட்டும் கெட்டியாகத் தட்டுப்படும். குமட்டும்தான், சில விநாடிதான்.

நம் விவசாயிக்கு ஸ்கோப்பில் முதலில் தெரிவது கட்டி அல்ல. வலக் குழியில் எச்சில் குளம்போலத் தேங்கி நிற்கிறது, இடக் குழி காலியாக இருக்கிறது. இந்த வித்தியாசமே துப்பு. எச்சிலை விழுங்கச் சொல்லி, கன்னத்தை உப்ப வைத்துப் பார்த்தால் குழியின் உட்சுவரில் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் கரடுமுரடான புண். குரல்நாண் நன்றாகவே அசைகிறது. கழுத்தின் நெறியில் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் செல் எடுக்கிறார்கள். அந்த நெறியை முதலிலேயே வெட்டி எடுத்துச் சோதிப்பது பழைய பழக்கம். அப்படிச் செய்தால் கழுத்தின் அடுக்குகள் கலைந்து பின்னால் வரும் அறுவை சிகிச்சை சிக்கலாகும், ஊசிப் பரிசோதனைதான் முதலில். அடுத்து மருந்து ஏற்றி கழுத்துக்கும் மார்புக்கும் சி.டி., அதன்பிறகு மயக்கம் கொடுத்துப் புண்ணிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பயாப்சி. முடிந்தால் ஸ்கேனை முன்னால் எடுப்பார்கள். பயாப்சி எடுத்த இடம் வீங்கினால் ஸ்கேனில் கட்டியின் அளவு பெரிதாகத் தெரியும்.

கட்டி இரண்டுக்கும் நான்கு சென்டிமீட்டருக்கும் இடையில், கழுத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒரே நெறி, அதுவும் உறைக்குள்ளேயே அடங்கியது என்றால் அது மூன்றாம் நிலை. பயமாகத் தோன்றும், ஆனால் குரல்வளையை எடுக்காமலே சிகிச்சை செய்ய வாய்ப்புள்ள கட்டம் இது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு வாரத்தில் 35 முறை கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் மருந்து என்பது வழக்கமான ஒரு திட்டம். இதே கட்டி குரல்வளைக் குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய பிறகு வந்திருந்தால், பெரும்பாலும் குரல்வளையையே எடுத்துவிட்டுக் கழுத்தில் நிரந்தரத் துளை வைக்க வேண்டியிருக்கும்.

ஒருபக்க வலி எல்லாமே புற்றுநோய் இல்லை. டான்சில் பள்ளத்தில் சேரும் கல், முளைக்க இடமில்லாத ஞானப்பல், தாடை மூட்டுத் தேய்மானம் ஆகியவையும் காதுக்கு வலி அனுப்பும். காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோலத் தொங்கும் ஸ்டைலாய்டு எலும்பு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு வளர்ந்து தொண்டைச் சுவரைக் குத்துவதும் உண்டு. நாத்தொண்டை நரம்பு வலி என்று ஒன்று இருக்கிறது, அது மின்சாரம் அடித்தமாதிரி சில விநாடிகள் வந்து போகும், இடையில் ஒன்றுமே இருக்காது. புற்றுப்புண்ணின் வலி பெரும்பாலும் அப்படி விட்டுவிட்டு மின்னாது, தினமும் இருந்துகொண்டு மெல்லக் கூடும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை, ஸ்கோப்பும் விரலும்தான் பிரிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது "தொண்டை வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் இன்னொரு தொண்டை வலியாகிவிடும். எந்தப் பக்கம், எத்தனை வாரம், காது வலியும் உண்டா, எத்தனை முறை மருந்து சாப்பிட்டாயிற்று, வேட்டியோ பெல்ட்டோ தளர்ந்திருக்கிறதா, எச்சிலில் ரத்தம் வந்ததா என்று சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் சீட்டையும் கொண்டுபோக வேண்டும், பயாப்சிக்கு முன் அது தெரிந்தாக வேண்டும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை, ஆனால் வலி போகவில்லை என்றாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. நாக்கு வேருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சில வாரம் கழித்து மறுபடி ஸ்கோப் பார்க்கலாம். கழுத்தில் நெறி இருந்து அதில் புற்றுச் செல் தெரிந்து, தொண்டையில் மூலம் அகப்படாவிட்டால், பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்தப் பக்க டான்சிலையே முழுதாக எடுத்துச் சோதிப்பார்கள். அதன் பள்ளங்களுக்குள் சில மில்லிமீட்டர் அளவில் கட்டி ஒளிந்திருப்பது அரிதல்ல.