மிட்டாயை இடித்தால் பேஸ்டல்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தங்கை கல்யாண வரவேற்புக்கு வெளிர் ரோஸ் பட்டு கட்டினேன். கடையில் அவ்வளவு அழகாக இருந்த புடவை, போட்டோவில் வெள்ளைப் புடவையாக வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற சித்தியின் அரக்குப் பட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? ஜுவல் டோன், பேஸ்டல் என்கிறார்களே, விசேஷத்துக்கு எதுதான் சரி?"

ஜுவல் டோன் என்றால் நவமணிகளை நினைவுபடுத்தும் அடர்நிறங்கள்: மாணிக்கச் சிவப்பு, மரகதப் பச்சை, நீலக்கல்லின் நீலம். நம் பட்டுக்கடை மொழியில் அரக்கு, மயில்கழுத்து. பேஸ்டல் என்றால் வெளிர் ரோஸ், வெளிர் பச்சை வகையறா. ஒரு பொருள் எந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் அதன் நிறம் என்று பள்ளியில் படித்திருப்போம். அரக்கு கொஞ்சம் சிவப்பை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். வெளிர் ரோஸோ எல்லா ஒளியையும் திருப்பும், சிவப்பை ஒரு பிடி கூடுதலாக. அதாவது பேஸ்டல் என்பது பெரும்பாலும் வெள்ளைதான்.

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிவப்பு மிட்டாய் ஒன்றை வாங்கி, இடிகல்லில் போட்டு நன்றாக நுணுக்குங்கள். சிவப்பு காணாமல் போய் வெளிறிய ரோஸ் பொடி கிடைக்கும். சாயம் எங்கும் போகவில்லை, எதையும் சேர்க்கவும் இல்லை. இப்போது அந்தப் பொடியின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பரவிய இடத்தில் மட்டும் பழைய சிவப்பு எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நடப்பது இதுதான். சர்க்கரை, கண்ணாடி போன்றவற்றின் மேல் நேராக விழும் ஒளியில் 100-க்கு ஏறக்குறைய 4 பங்கு உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். உள்ளே போகாததால் அதில் நிறம் ஏறுவதில்லை. வெள்ளையாக வந்தது வெள்ளையாகவே போகிறது. முழு மிட்டாயில் இந்த வெள்ளை ஒரு பளபளப்புப் புள்ளியாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மீதி ஒளி மிட்டாய்க்குள் நெடுந்தூரம் போய், பச்சையும் நீலமும் பறிபோய், சிவப்பாக வெளியே வரும். பொடியில் ஆயிரக்கணக்கான துகள்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்து, சாயத்துக்குள் அதிக தூரம் போவதற்கு முன்பே ஒளி திரும்பிவிடுகிறது. எண்ணெய் விட்டதும், துகள்களுக்கு நடுவில் இருந்த காற்றை அது வெளியேற்றிவிடும். ஒளியை வளைப்பதில் எண்ணெயும் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. ஆகவே துகளின் முகங்கள் ஒளிக்குப் புலப்படுவதே இல்லை, தெறிப்பு நின்றுவிடுகிறது.

வெளிர் நிறங்களுக்குப் பேஸ்டல் என்ற பெயர் வந்ததே பொடியால் செய்த ஒரு பொருளிலிருந்துதான். நிறப்பொடியைப் பிசினில் குழைத்து உருட்டிய ஓவியக் குச்சிகளுக்கு அந்தப் பெயர். வெளிர் நிறம் வேண்டுமானால் சுண்ணப்பொடியும் சேர்ப்பார்கள். ஆக ஜுவல் டோன் முழுக்கல், பேஸ்டல் பொடித்த கல் என்று சொல்வது வெறும் உவமை அல்ல. (கல் என்றதும் ஒன்று. மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணம் ஒரே தனிமம், குரோமியம். சூரியனுக்கு மாணிக்கம், புதனுக்கு மரகதம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு மோதிரம் மாட்டிவிடுபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.)

சரி, துணிக்கு வருவோம். பருத்தி இழையின் நீளம் சில சென்டிமீட்டர்தான். காய்ந்த நாடா போல முறுக்கிக்கொண்டிருக்கும். நூலில் அங்கங்கே நுனி நீட்டிக்கொண்டு நிற்கும். கிட்டத்தட்ட நம் மிட்டாய்ப்பொடி மாதிரி, நாலாபக்கமும் வெள்ளையைத் தெறிக்கும். வியர்வை பட்ட இடத்தில் சட்டை அடர்ந்து தெரிவது எண்ணெய் சொட்டு செய்த அதே வேலைதான். பட்டு வேறு. ஒரே இழை கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் வரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணம். வழவழப்பான அந்த முகங்கள் வெள்ளையைச் சிதறவிடாமல் பெரும்பாலும் ஒரு திசையில் அனுப்பிவிடும். அந்தத் திசையில் நின்றால் மினுமினுப்பு. விலகி நின்றால் சாயத்தின் முழு ஆழம்.

அரக்குப் பட்டின் மடிப்பைப் பாருங்கள்: மேட்டில் வெள்ளிக்கோடு, பள்ளத்தில் கருஞ்சிவப்பு. உடுத்தியவர் அசைந்தால் அந்தக் கோடு ஓடும். அடர்பட்டு 'கனமாக' தெரிவதற்கு இதுதான் காரணம் என்பேன். வெளிர் பட்டிலும் அதே மினுமினுப்பு உண்டு. ஆனால் பின்னால் இருக்கும் நிறமே வெள்ளைக்குப் பக்கம் என்பதால் கோடு எடுத்துக் காட்டாது. மடிப்பு மெத்தென்று கரையும். அதனால்தான் வெளிர்நிறம் இலேசாக, பகல்பொழுதுக்கானதாகத் தோன்றுகிறது.

வழக்கத்துக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. அவுரியில் அடர்நீலம் வேண்டுமானால் நூலைத் திரும்பத் திரும்ப முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றில் ஆற விட வேண்டும்; வெளிர் நீலத்துக்கு ஓரிரு முக்கு போதும். இன்றைய சாயத்திலும், வெளிர் ரோஸுக்குக் கிலோ நூலுக்குச் சில கிராம் போதுமென்றால் அரக்குக்கு 30, 40 கிராம் ஆகும். அடர்நிறம் விசேஷத்துக்கு என்று ஆனதில் வியப்பில்லை. ஆனால் அது இயற்கை விதியும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவையில் ஆண்களே வெளிர் ரோஸ், வெளிர் நீலப் பட்டுக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். கேரளத்தில் சந்தன வெள்ளை கசவுப் புடவையில் கல்யாணமே நடக்கிறது. வெளிர்ந்த நிறம் ஆகாது என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களின் பயத்துக்கு, கைம்பெண்ணுக்கு நாம் உடுத்திவிட்ட வெள்ளைதான் காரணம். அது நிறத்தின் குற்றம் அல்ல.

இப்போது போட்டோ. வெளிர் ரோஸ் பட்டு 100 பங்கு ஒளியில் சிவப்பை 90, பச்சையை 70, நீலத்தை 75 என்று திருப்புவதாக வைத்துக்கொள்வோம். அரக்கு 40, 5, 10. வீடியோ விளக்கு முகத்தில் அறைந்து, வெளிச்சம் கேமரா எதிர்பார்த்ததைப் போல இருமடங்கு ஆனது. வெளிர் ரோஸ் 180, 140, 150 ஆகும். கேமராவின் உச்சவரம்பு 100 என்றால் மூன்றுமே 100-இல் முட்டி நிற்கும். மூன்றும் சமம் என்றால் வெள்ளை. அரக்கோ 80, 10, 20, இன்னும் சிவப்புதான். மண்டப விளக்கு மஞ்சளடித்தாலும் இதே கதை: பேஸ்டலில் இருக்கும் ஒரு பிடி நிறத்தை விளக்கின் நிறமே அமுக்கிவிடும், வெளிர் ஊதா சாம்பலாகிவிடும்.

ஆகவே என் கணக்கு இது. விளக்கொளியில் மேடை, வரவேற்பு என்றால் அடர்நிறம். காலை முகூர்த்தம், வளைகாப்பு, மொட்டைமாடிச் சந்திப்பு, தினசரி அலுவலகம் என்றால் பேஸ்டல். அதுவும் பருத்தியில், ஏனென்றால் வெள்ளையைத் தெறிப்பது அதன் சுபாவம். இரவு வரவேற்புக்குப் பேஸ்டல்தான் வேண்டும் என்றால் அடர்ந்த பார்டர் உள்ளதாக எடுங்கள். கடையில் புடவையை வாசல் வெயிலில் மட்டும் பார்க்காமல், உள்ளே விளக்கடியில் போனில் ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் ரோஸ் தாக்குப்பிடித்தால் மண்டபத்திலும் பெரும்பாலும் பிடிக்கும். அப்புறம் போட்டோகிராஃபரிடம், வெளிச்சத்தைப் புடவைக்கு வைத்துக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் இருண்டால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். 100-இல் முட்டிய ரோஸைத் திரும்பக் கொண்டுவர அவராலும் முடியாது.