இந்த ஃபிரேம் யாருக்குச் சரிவராது என்று முதலில் சொல்லுங்கள்

கண்ணாடிக் கடைகளில் ஃபிரேமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். "வட்ட முகத்துக்கு ஏற்றது", "உங்கள் அழகைக் கூட்டும்", "இளமைத் தோற்றம்". கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வாசகங்களால் தயங்கி நிற்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை. தன் முகம் வட்டமா நீள்வட்டமா என்று கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய முடியாமல் பாதிப் பேர் இன்னும் கூடுதலாகக் குழம்புகிறார்கள். வட்ட முகத்துக்குக் கோணமான ஃபிரேம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்பது பொய்யில்லை, ஆனால் அது ரசனை சார்ந்த பொது விதி, அவ்வளவுதான். மூக்கில் நிற்குமா, லென்ஸ் போட்ட பிறகும் இப்படியே தெரியுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

தயக்கத்துக்குப் பின்னால் பலரும் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது. மைனஸ் 4, 5 பவர் உள்ளவர் புது ஃபிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கடையில் தொங்கும் ஃபிரேமில் இருப்பது பவரே இல்லாத டெமோ பிளாஸ்டிக். ஆக, கையெட்டும் தூரத்தில் இருக்கும் தன் முகமே அவருக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. தெரியாத முகத்துக்கு எப்படி ஃபிரேம் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் இருப்பவரிடம் "நல்லா இருக்கா, சொல்லுங்க" என்று கேட்கிறார், அவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறொன்று சொல்ல, கடைசியில் "அப்புறம் வரேன்" என்று கிளம்பிவிடுகிறார். செல்ஃபியும் இதற்கு உதவாது, கிட்டத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் முகத்தின் பக்கங்கள் ஒடுங்கியும் விழும். கூட வந்தவரை ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லி, கண் மட்டத்தில் நேராக ஒன்று, கொஞ்சம் திரும்பி ஒன்று, சிரித்தபடி ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அரை மணி நேரமாகத் தீராத சந்தேகம் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, அட்டையில் என்ன எழுதலாம்? வாங்குகிறவர் தானே சோதித்துப் பார்க்கக்கூடியதை எழுதலாம். ஃபிரேம் கையின் உட்பக்கம் 52□18 140 என்பது போல ஏதாவது அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கின்மேல் உட்காரும் இடைவெளி, கடைசி எண் காதுக்குப் போகும் கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 70 வரும், இரு லென்ஸ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் அதுதான். உங்கள் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை, கடையில் பி.டி. என்போமே, அதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் கண் ஃபிரேமின் நடுவில் விழும். பார்க்கும்போது "என்னமோ பொருந்தலையே" என்று தோன்றும் பல ஃபிரேம்களில் உண்மையான கோளாறு, கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கி நிற்பதுதான்.

ஒரு பெண் இரண்டு ஃபிரேம்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் நின்றார். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5, பி.டி. 60. ஒன்று 54□18, பெரிய சதுரம், அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று 48□20. முதல் ஃபிரேமின் மையத் தூரம் 72, அவருடைய கண் ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழும். லென்ஸின் பார்வை மையத்தைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும் என்பதால் அங்கிருந்து வெளி ஓரம் வரை 33 மில்லிமீட்டர் ஆகிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரம் போகப் போகத் தடிக்கும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 5.4 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடிக்கும். இரண்டாவது ஃபிரேமில் மையத்திலிருந்து ஓரம் 28 தான், கூடும் தடிப்பு 3.9 போல. பெரிய ஃபிரேமிலேயே விலை கூடிய, ஒளிவிலகல் எண் 1.67 உள்ள மெல்லிய லென்ஸ் போட்டாலும் தடிப்பு 4 பக்கம்தான் வந்து நிற்கும். அதாவது அந்த லென்ஸ் குறைத்துத் தருகிற தடிப்பைச் சின்ன ஃபிரேம் சாதாரண லென்ஸிலேயே குறைத்துவிடுகிறது.

"பெருசு போடவே கூடாதா?" என்று கேட்டார். போடலாம், ஆனால் ஓரம் தெரியும், எடை முன்பக்கம் இழுக்கும், அந்தத் தடித்த ஓரம் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு முகத்தின் பக்கக்கோடு உள்வாங்கினாற்போல் தெரியும் என்றேன். மைனஸ் லென்ஸ் கண்ணையும் சிறிதாக்கிக் காட்டும், டெமோ பிளாஸ்டிக்கில் இது எதுவும் தெரியாது. "சின்னது எடுத்தா முகத்துக்குப் பத்தாதே" என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்விதான். அதற்கு நெற்றிப்பொட்டு அருகே ஃபிரேமின் கை பதிந்து தோலை அழுத்துகிறதா என்று பார்த்தோம், இல்லை, ஃபிரேமின் வெளி விளிம்பும் முகத்தின் விளிம்பும் ஒட்டியே இருந்தன. 48 எடுத்துக்கொண்டார். முகம் அகலமாக இருந்து பி.டி. மட்டும் குறைவாக இருந்தால் கதை வேறு. அப்போது லென்ஸைப் பெரிதாக்காமல், நடு இடைவெளி அகலமாகவோ கீல் பக்கம் சற்று வெளியே நீண்டோ இருக்கும் ஃபிரேமைத் தேட வேண்டும்.

நான் எழுதினால் அந்த 54□18 அட்டையில் இப்படி எழுதுவேன்: "பி.டி. 66க்குக் குறைவாக உள்ளவர்களுக்குக் கண் நடுவில் விழாமல் மூக்குப் பக்கமாக ஒதுங்கும். மைனஸ் 4க்கு மேல் என்றால் ஓரத் தடிப்பு வெளியே தெரியும். மூக்குத் தண்டு தட்டையாக இருப்பவர்களுக்கு நழுவும், நோஸ் பேட் உள்ள மாடலைக் கேளுங்கள்." யாருக்கு ஆகாது என்று சொல்வதால் விற்பனை குறையும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் அந்த மூன்று வரியிலும் தான் அகப்படவில்லை என்று கண்டுகொண்டவர், வேறு யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார்.

மூக்கு விஷயத்தை வாங்கும் முன்பே சோதிக்கலாம். போட்டுக்கொண்டு குனிந்து தரையைப் பாருங்கள், பிறகு தலையை லேசாக ஆட்டுங்கள். நழுவினால் மூக்கின்மேல் எங்கே தொடுகிறது என்று பாருங்கள், முழுப்பரப்பும் படியாமல் இரண்டு முனைகளில் மட்டும் நின்றால் கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தடம் விழும். நன்றாகச் சிரித்துப் பாருங்கள், கன்னம் ஃபிரேமைத் தூக்கினால் அது உங்களுக்குக் கீழே நீளம் அதிகம். இமைமயிர் லென்ஸில் உரசுகிறதா என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம். நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், புருவத்தோடு சண்டை போடாமல் இருந்தால் போதும்.

காதுப் பக்கத்தைக் கடையில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் எல்லா ஃபிரேமிலும் ஒரே அளவுக்கு முடியாது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கையைச் சூடாக்கி வளைத்தால் அந்த வளைவு நிற்கும், மெட்டலில் நோஸ் பேடையும் திருப்பிக்கொள்ளலாம். டி.ஆர். 90 என்று வரும் இலேசான நைலான் வகை, வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். ஒரு காது மற்றதைவிடச் சற்று உயரமாக இருப்பவர்கள் அந்த வகையைக் கையில் எடுத்தால், பணம் கட்டும் முன்பே "இதை என் காதுக்கு வளைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும்.