இடது சேனலில் ஒலித்ததை எந்தக் காது கேட்டது?

இந்த வருஷம் இது மூன்றாவது. வேலூரில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். கேட்பறைக்குள் நோயாளி வருவார், பின்னாலேயே மகனோ மருமகனோ லேப்டாப்போடு வருவார். "மேடம், நாங்களே டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டோம், நார்மல்தான் காட்டுது" என்பார்கள். முதல் இரண்டு பேருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, விட்டுவிட்டேன். மூன்றாவது ஆளைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஆற்காட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர். வயது 52. ஒரு திங்கட்கிழமை காலை போனை வழக்கம்போல இடது காதில் வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் பேசுவதே கேட்கவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று வலது காதுக்கு மாற்றியிருக்கிறார், கணீரென்று கேட்டிருக்கிறது. அன்று முழுக்க இடது காதில் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். வீட்டில் இருப்பவர்கள் அழுக்கு அடைத்திருக்கும் என்று சொல்லி, வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. நல்ல பையன், அப்பா மேல் உயிர். "நைனா, இரு, நான் செக் பண்றேன்" என்று பைதானில் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 வரை, ஒவ்வொன்றையும் முதலில் இடது சேனலில், அப்புறம் வலது சேனலில் ஒலிக்கச் செய்தான். ஹெட்போனை மாட்டிவிட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னான். அப்பா எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினார், இடதுக்கும் சேர்த்து. நரம்பில் கோளாறில்லை, வெறும் அடைப்புதான் என்று வீடே நிம்மதியாகிவிட்டது. அவர் என்னிடம் வந்தது 19-ஆம் நாள்.

வலது காது 1000 ஹெர்ட்ஸில் 10 டெசிபலில் கேட்டது. அந்த வயதுக்கு அருமையான காது. இடது காதில் அதே ஒலிக்கு 55 டெசிபலில் விரலைத் தூக்கினார். இந்த இடத்தில்தான் நாங்கள் உஷாராக வேண்டும். இரண்டு காதுக்கும் 45 டெசிபல் வித்தியாசம் இருந்தால், அந்த 55 இடது காதின் கணக்கே இல்லாமல் இருக்கலாம்.

காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இடது பக்க ஸ்பீக்கரில் வரும் ஒலி இடது காதோடு நின்றுவிடுவதில்லை. காதின் மேல் உட்காரும் ஹெட்போன் சத்தமாக ஒலித்தால் மண்டையோட்டை அதிரவைக்கும். அந்த அதிர்வு எலும்பு வழியாக மறுபக்கத்து உள்காதுக்குப் போய்ச் சேரும். வழியில் 40 டெசிபலுக்குக் குறையாமல் தேயும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும். தேய்ந்தபிறகு மிஞ்சுவது ஒரு நல்ல காதுக்குத் தாராளமாகப் போதும். 55-இல் 45 தேய்ந்தால் மிச்சம் 10. இவருடைய வலது காது கேட்கும் அளவு சரியாக அதே 10. கையைத் தூக்கவைத்தது வலது காது!

கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை, ஒலி கேட்டது, தூக்கினார். "எந்தக் காதில்?" என்று கேட்டால் ஹெட்போன் ஒலித்த பக்கத்தையே காட்டுபவர்களும் உண்டு.

அதனால் வலது காதுக்கு ஒரு இரைச்சலைக் கொடுத்து அதை வேலையில் வைத்துவிட்டு, இடது காதை மறுபடி சோதிப்போம். மாஸ்கிங் என்று பெயர். காற்று வீசுவதுபோல 'ஷ்ஷ்' என்று கேட்கும். மெஷின் ரிப்பேரா என்று பலர் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். மாஸ்கிங் கொடுத்ததும் மண்டிக்காரரின் இடது காது 55-இல் பேசாமல் இருந்தது. 65-இலும் இல்லை. 85-இல்தான் விரல் லேசாக அசைந்தது.

அப்புறம் பையனின் ஹெட்போனை வாங்கி எங்கள் அளவுமானியில் வைத்தேன். அவன் வைத்திருந்த அதே வால்யூமில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி 88 டெசிபல் அழுத்தம் காட்டியது. ஒலி அழுத்தத்தின் டெசிபல் வேறு அளவுகோல், எங்கள் கருவியின் கணக்கில் அது ஏறக்குறைய 80-தான். 85-இல் கேட்கத் தொடங்கும் அந்தப் பழுதான இடது காதுக்கு அது எட்டாது. 45 தேய்ந்தாலும் வலது காதுக்கு 35 போய்ச் சேரும், வீட்டுப் பேச்சைவிட நன்றாகத் தாழ்ந்த சத்தம்தான். ஆனாலும் 10-லேயே கேட்கும் காது அது. தெளிவாகவே கேட்டிருக்கும்.

"8000-க்கும் தூக்கினாரே மேடம்?" என்றான். அந்த ஒலியை அங்கேயே போடச் சொன்னேன். அப்பாவிடம் என்ன கேட்கிறது என்று விசாரித்தேன். "டிக், டிக்குன்னுதாம்மா" என்றார். 8000 ஹெர்ட்ஸ் ஒலி ஊசி மாதிரி 'கீ' என்று நீளமாக இருக்க வேண்டும். அவர் கேட்டது ஒலியையே இல்லை, அது தொடங்கும்போதும் முடியும்போதும் வந்த தட்டலை. ஸ்கிரிப்டில் ஒலி திடீரென்று முழு வீச்சில் தொடங்கி, திடீரென்று அறுந்து நின்றது. அப்படி வெட்டினால் அந்தக் கணத்தில் எல்லா அலைவரிசைகளும் சிதறும். 8000 கேட்காத காதுக்கும் அந்தச் சிதறலில் இருக்கும் 1000, 2000 கேட்கும். இதைத் தவிர்க்க எங்கள் கருவி ஒவ்வொரு ஒலியையும் சில பத்து மில்லிசெகண்டில் மெதுவாக ஏற்றி, அதேபோல இறக்கும். பையனோடு உட்கார்ந்து அவன் ஸ்கிரிப்டை இப்படி மாற்றினோம்:

```python
import numpy as np
import sounddevice as sd

fs = 48000
f = 1000
t = np.arange(int(fs * 1.5)) / fs
x = 0.05 * np.sin(2 * np.pi * f * t)

n = int(fs * 0.03)
r = 0.5 - 0.5 * np.cos(np.pi * np.arange(n) / n)
x[:n] *= r
x[-n:] *= r[::-1]

y = np.column_stack([x, np.zeros_like(x)])
sd.play(y, fs)
sd.wait()
```

நடுவில் இருக்கும் நான்கு வரிதான் 30 மில்லிசெகண்ட் ஏற்றமும் இறக்கமும். கடைசியில் முதல் நெடுவரிசை இடது, இரண்டாவது வலது. இதை ஓட்டியதும் 'டிக்' போய்விட்டது. 8000 போட்டோம், அப்பா கையைத் தூக்கவே இல்லை. பையன் முகம் சுருங்கிவிட்டது.

அந்த `0.05`-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மெயிலில் அடிக்கடி கேட்கிறார்கள். அது டெசிபல் இல்லை. கம்ப்யூட்டர் தரக்கூடிய முழு வீச்சில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். லேப்டாப் வால்யூம், ஹெட்போன், அது காதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, இவையெல்லாம் சேர்ந்துதான் காதுக்கு எவ்வளவு போகிறது என்பது முடிவாகும். இதில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். எங்கள் கருவியையே வருஷத்துக்கு ஒருமுறை செயற்கைக் காதில் வைத்து ஒவ்வொரு அலைவரிசைக்கும் அளந்து சரிசெய்கிறோம். நீங்கள் கோடில் எழுதும் எண்ணை வைத்து "நைனாவுக்கு 20 டெசிபல்" என்று சொல்லாதீர்கள்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் வீணா? இல்லை. ஸ்பீக்கரைச் சோதிக்க அதைப்போல் வசதி கிடையாது. கல்யாண மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் இடது, வலது வயர் மாறிவிட்டதா என்று இதே கோடை வைத்து ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். தாழ்ந்த ஒலியிலிருந்து மேலே ஏறும் ஸ்வீப் ஒன்று போட்டால் எந்த இடத்தில் பெட்டி கரகரக்கிறது, எந்த ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று உடனே தெரியும். வால்யூமை மட்டும் அடியில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்வீப்பின் உச்சியில் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினால், நடுவில் வரும் 3000, 4000 காதைப் பிளக்கும். மேல் ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரும் எரிந்துபோகலாம். 15000 ஹெர்ட்ஸ் கேட்கவில்லையே என்று பயப்படும் நாற்பது வயதுக்காரர்களுக்கு: வயதானால் முதலில் போவது அதுதான், பேச்சு அங்கே இல்லை.

மண்டிக்காரருக்கு வருகிறேன். திடீரென்று ஒரு காது மூன்று நாளுக்குள் இப்படி அடங்கிப்போனால் அது உள்காதிலோ நரம்பிலோ வந்த கோளாறாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. மருந்து எழுதுவது நான் இல்லை, காது மூக்கு தொண்டை டாக்டர். அவர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு வாரமும் எண்ணெயிலும், நார்மல் காட்டிய ஸ்கிரிப்டிலும் போய்விட்டது. டாக்டர் காதுக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்தார். தாழ்ந்த ஒலிகள் ஓரளவு திரும்பின. போனில் பேச்சு இன்னும் புரியவில்லை.

அழுக்கா, நரம்பா என்று சந்தேகப்பட வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது, லேப்டாப் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். அடைத்த காதின் பக்கம் முனகல் பலமாகக் கேட்டால் அழுக்கோ நீரோ அடைத்திருக்கலாம். நல்ல காதின் பக்கம் போய்விட்டால் நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். டாக்டர் இதையே இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார். முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும் சரி, வீட்டில் காத்திருக்க அது காரணம் ஆகாது. மண்டிக்காரரை என் அறையில் முனகச் சொன்னேன். யோசிக்காமல் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

தயவுசெய்து, காட்பாடியோ குடியாத்தமோ வாலாஜாவோ, ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காது டாக்டரிடம் போங்கள். எண்ணெய் விடாதீர்கள், பட்ஸால் குடையாதீர்கள். எந்த நாள், எந்த நேரத்தில் தொடங்கியது, கூடவே தலைசுற்றல் இருந்ததா, இரைச்சல் எந்தக் காதில், இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.