ஐந்து நாளுக்குப் பணம் கட்டினோம், கிடைத்தது ஒரு நாள்

திட்ட அட்டவணை போடுவதும், வாரா வாரம் அதைத் திருத்துவதும்தான் என் வேலை. கூட்டங்களில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "அந்த வேலை மூணு நாள்தான் தாமதம், பிரச்சினை இல்லை" என்பது. சில நேரம் அது உண்மை. சில நேரம் அந்த மூன்று நாளும் அப்படியே கடைசித் தேதியில் போய் உட்காரும். எது எப்போது என்பதைச் சொல்வதுதான் கிரிட்டிக்கல் பாத். நான் பார்த்த ஒரு வேலையை வைத்து இதைச் சொல்கிறேன்.

ஒரு தொழிற்கூடத்தில் கனரக இயந்திரம் ஒன்றை நிறுவ வேண்டும். முதலில் வரைபடத்தை இறுதி செய்ய 5 நாள். அது முடிந்ததும் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கும். இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்து அது வந்து சேர 30 நாள். அஸ்திவாரம் தோண்டிக் கான்கிரீட் போட 12 நாள், அப்புறம் தண்ணீர் விட்டு அது இறுக 14 நாள். மின் பேனல் தயாராகி வர 20 நாள், பிறகு கேபிள் வேலைக்கு 6 நாள். இயந்திரமும் வந்து, அஸ்திவாரமும் இறுகிய பிறகு, இயந்திரத்தை ஏற்றி நிறுத்த 4 நாள். கேபிளும் தயாராக இருந்தால் மின் இணைப்புக்கு 3 நாள். கடைசியாகச் சோதனை ஓட்டம் 5 நாள். விடுமுறை என்று எதையும் கழிக்காமல் எல்லா நாளையும் எண்ணிக்கொள்வோம்.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை போக இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. இயந்திரத்தின் வழியே கூட்டினால் 5, 30, 4, 3, 5 என 47 நாள். அஸ்திவாரத்தின் வழியே 43. பேனலின் வழியே 39. மூன்றில் நீளமானது எதுவோ அதுதான் கிரிட்டிக்கல் பாத். திட்டம் முடிய 47 நாள் ஆகும் என்று சொல்வது அந்த வழிதான். மற்ற இரண்டும் அதைவிடக் குறுகியவை என்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு 4 நாள், பேனலுக்கு 8 நாள். இந்த இடைவெளியை ஃப்ளோட் என்கிறோம். அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் திரையில் `Total Slack` என்று வரும்.

இயந்திரம் ஒரு நாள் தாமதமானால் முடிவும் ஒரு நாள் தள்ளிப்போகும், அதில் விலக்கே இல்லை. அஸ்திவாரம் தாமதமானால் முதல் 4 நாளை ஃப்ளோட் விழுங்கிக்கொள்ளும், ஐந்தாவது நாளிலிருந்துதான் முடிவு நகரும். தாமதத்திலிருந்து ஃப்ளோட்டைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவுதான் நகர்வு. கணக்கு இவ்வளவு எளிது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு தாமதத்துக்குப் பிறகும் இந்த ஃப்ளோட் எண்கள் மாறுகின்றன, நாமோ முதல் நாள் அச்சிட்ட தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வேலையில் நடந்தது இதுதான். தோண்டும்போது குழியில் ஊற்று வந்துவிட்டது. நீரை வெளியேற்றிவிட்டுக் கான்கிரீட் போட்டு முடிக்க 17ஆம் நாளுக்குப் பதில் 20ஆம் நாள் ஆனது. 3 நாள் தாமதம், ஃப்ளோட் 4 நாள், முடிவு நகராது. "பிரச்சினை இல்லை" என்று சொன்னார்கள். அன்றைக்கு அது சரியான பதில்தான். ஆனால் பிரச்சினை இல்லை என்பதால் யாரும் அட்டவணையில் ஏற்றவில்லை. கோப்பில் அஸ்திவாரம் 31ஆம் நாள் இறுகிவிடும் என்றே இருந்தது. உண்மையில் அது 34ஆம் நாள்.

அதே 20ஆம் நாள், முடிவு தேதியை முன்னே கொண்டுவர வேண்டும் என்று மேலிடம் கேட்டது. இயந்திரம்தான் கிரிட்டிக்கல் பாதையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது தயாராகி ஏற்றுமதிக்குக் காத்திருந்தது. கூடுதல் பணம் கட்டி விரைவுப் போக்குவரத்தில் அனுப்பினால் 35ஆம் நாளுக்குப் பதில் 30ஆம் நாளே வந்துவிடும். ஐந்து நாள் மிச்சம், 42ஆம் நாளில் முடித்துவிடலாம் என்று பேசி, ஆர்டரும் போட்டுவிட்டார்கள்.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது, எந்தத் தாமதமும் இல்லாமல் இருந்திருந்தாலும் 5 நாள் கிடைத்திருக்காது. இயந்திரம் 30ஆம் நாள் வந்து நின்றாலும் அஸ்திவாரம் 31ஆம் நாள்தான் தயார், அதனால் 4 நாள்தான் மிச்சம். நீளமான வழியைக் குறைத்துக்கொண்டே போனால், அடுத்த நீளமான வழியைத் தொட்டதும் குறைவது நின்றுவிடும். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்துக்குப் பலன் இல்லை. இரண்டாவது, யாரும் எழுதாத அந்த 3 நாள். அஸ்திவாரம் 34ஆம் நாள்தான் தயார் என்பதால், 35ஆம் நாள் வரவேண்டிய இயந்திரத்தை எவ்வளவு முன்னால் கொண்டுவந்தாலும் லாபம் ஒரே ஒரு நாள். 47, 46 ஆகும். அவ்வளவுதான். இயந்திரம் நான்கு நாள் ஒரு ஓரத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது.

கான்கிரீட் இறுகுவதை ஆள் போட்டு வேகப்படுத்த முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வேகமாக இறுகும் கலவைகள் உண்டு, ஆனால் அதை ஊற்றுவதற்கு முன் முடிவு செய்திருக்க வேண்டும். 20ஆம் நாள் ஊற்றி முடித்தாகிவிட்டது.

இந்த முறையை 1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்த கேள்வியும் இதேதான். ஒரு திட்டத்தைச் சீக்கிரம் முடிக்க எல்லா வேலையையும் முடுக்கிவிட வேண்டுமா, அல்லது சரியான சிலவற்றை மட்டுமா? சரியானவை எவை என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கு. கணக்கு போட்ட பிறகு அவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஃப்ளோட் பற்றி இன்னொரு குழப்பமும் அதே அட்டவணையில் இருந்தது. தோண்டும் வேலைக்கும் 4 நாள், இறுகும் வேலைக்கும் 4 நாள் என்று திரை காட்டும். ஆளுக்கு நான்கு என்று படிக்கத் தோன்றும். அப்படி இல்லை. அந்த வழி முழுவதற்கும் சேர்த்தே 4 நாள். முன்னால் இருப்பவர் 3 நாளைச் செலவழித்தால் பின்னால் இருப்பவருக்கு மீதி ஒன்று. ஒரு வேலையின் தாமதம் அடுத்த வேலையைக்கூடத் தொடாமல் எவ்வளவு போகலாம் என்று பார்க்க `Free Slack` என்ற தனி எண் இருக்கிறது. தோண்டும் வேலைக்கு அது பூஜ்ஜியம். அந்தக் குழுவிடம் இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. `Total Slack` எண்ணைக் கொடுத்தால் அதை அவர்கள் தங்கள் விடுப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

மேலிடம் கேட்ட மறுநாள்தான் கோப்பு என் கைக்கு வந்தது. எல்லா வேலைக்கும் உண்மையான தேதிகளைக் கேட்கத் தொடங்கினேன். பேனல் தயாரிப்பவர்கள் 18ஆம் நாளில் "90 சதவீதம் முடிந்தது" என்று சொல்லியிருந்தார்கள். 22ஆம் நாள் கேட்டபோதும் 90 சதவீதம்தான். சதவீதத்தை வைத்து எந்தத் தேதியையும் கணக்கிட முடியாது. "இன்னும் எத்தனை நாளில் எங்கள் வாசலுக்கு வரும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு உதிரி பாகம் வரவில்லை, 12 நாள் ஆகும் என்றார்கள். அதாவது 25ஆம் நாளுக்குப் பதில் 34ஆம் நாள். 9 நாள் தாமதம்.

பழைய தாளில் பேனலுக்கு 8 நாள் ஃப்ளோட். ஆனால் மின் இணைப்பு இப்போது 39ஆம் நாளுக்குப் பதில் 38ஆம் நாளே தொடங்க இருந்ததால் அது 7 ஆகிவிட்டிருந்தது. 9இலிருந்து 7 போனால் 2. முடிவு 46இலிருந்து 48க்குப் போகும். இதுவரை யாரும் கவனிக்காத பேனல்தான் இப்போது கிரிட்டிக்கல். கூடுதல் பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் அதே 48தான் வந்திருக்கும். அந்தச் செலவு முழுவதும் வீண் ஆகியிருக்கும்.

அட்டவணையில் பேனல் வந்த பிறகே 6 நாள் கேபிள் வேலை என்று இருந்தது. மின்பணியாளரிடம் ஒவ்வொரு நாளும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தட்டுகள் பொருத்துவது, கேபிளை இழுத்துப் போடுவது என்று முதல் 4 நாள். நுனிகளைப் பேனலுக்குள் இணைப்பது கடைசி 2 நாள். பேனல் எங்கே நிற்கும் என்பது வரைபடத்தில் உறுதியாக இருந்ததால், முதல் 4 நாள் வேலைக்குப் பேனலே தேவையில்லை. அட்டவணை போட்டவர் ஒரே கட்டமாக எழுதி, ஒரே கோடாக இணைத்துவிட்டிருந்தார். இரண்டாகப் பிரித்தோம். பேனல் வருவதற்கு முன்பே கேபிளை இழுத்து முடித்தார்கள். 34ஆம் நாள் பேனல் வந்தது, 36ஆம் நாள் நுனிகள் இணைந்தன. இயந்திரம் 38ஆம் நாள் அஸ்திவாரத்தில் நின்றது.

இப்படித் தேதி நகர்வதைக் கண்டுபிடிக்க, கோப்பு முதலில் உண்மை பேச வேண்டும். நான் எந்த அட்டவணையை வாங்கினாலும் முதலில் ஒரு சோதனை செய்வேன். கிரிட்டிக்கல் பாதையில் தொடக்கத்தில் இருக்கும் ஒரு வேலைக்கு 100 நாளைக் கூட்டிப் பார்ப்பேன். முடிவு தேதியும் 100 நாள் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் நடுவே எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது யாரோ ஒரு வேலைக்கு `Must Finish On` என்று தேதியை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பில் இரண்டும் இருந்தன. சோதனை ஓட்டத்துக்குத் தேதி பூட்டப்பட்டிருந்ததால், எவ்வளவு பெரிய தாமதத்தை யாராவது ஏற்றியிருந்தாலும் கடைசிக் கட்டம் அசையாமல் நின்றிருக்கும். பூட்டை எடுத்துவிட்டு, விட்டுப்போன இணைப்பைப் போட்டு, 100 நாளை மறுபடி கூட்டியபோதுதான் முடிவு 147க்குப் போனது. கூட்டியதை நீக்கிவிட்டு உண்மையான தேதிகளை ஏற்றினேன்.

திட்டம் 46ஆம் நாள் முடிந்தது.